காலை அசெம்ப்ளில 3 நிமிஷ நேர்மை கதை: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில ரொம்ப வருஷமா அசெம்ப்ளி பொறுப்பு பாத்துட்டு இருக்கேன், இந்த வாரம் நிறைய பேர் நீதிபோதனை பிபிடி பத்தி கேட்டதால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிடுறேன்.

புதுசா சேர்ந்த டீச்சர்: மேம், நேர்மை பத்தி 14 ஸ்லைடு குடுத்திருக்காங்க, திங்கக்கிழமை அசெம்ப்ளில 1லிருந்து 5 வரைக்கும் எல்லா பசங்களுக்கும் பேசணும், எத எடுக்குறது எத விடுறது?

முதல்ல நேரத்த எண்ணுங்கம்மா. தமிழ்த்தாய் வாழ்த்து 55 செகண்ட், ஜன கண மன 52 செகண்ட், அப்புறம் கொடி, உறுதிமொழி, குறள், செய்தி, பிறந்தநாள் பசங்க, எச்எம் அறிவிப்பு, இதெல்லாம் போக உங்க கைக்கு வர்றது 3 நிமிஷம்தான். கிளாஸ்ல நிமிஷத்துக்கு 100 வார்த்தை பேசுவோம், மைதானத்துல ஸ்பீக்கர் சத்தம் சுவத்துல பட்டு திரும்பி வரும், அதனால 70 வார்த்தைக்கு மேல பேசுனா பின்வரிசைக்கு ஒண்ணும் புரியாது. ஆக மொத்தம் 200 வார்த்தை. உங்க பிபிடி டெக்ல நேர்மைன்னா என்ன, அதோட வகைகள், பொன்மொழி, படம்னு வர்ற ஸ்லைடு எல்லாத்தையும் விட்டுடுங்க. அதுல காந்தி ஸ்கூல்ல டிக்டேஷன் எழுதுன கதை ஒண்ணு இருக்கும் பாருங்க, அது மட்டும் போதும்.

என் முதல் வருஷத்துல எனக்குக் குடுத்த 11 ஸ்லைடையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் வரிசையா வாசிச்சேன், வெயில் ஏற ஏற ரெண்டாங்கிளாஸ் குழந்தை ஒண்ணு மயங்கி கீழ விழுந்துச்சு. முந்தின நாள் ராத்திரி சாப்பிடாம வந்திருக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னைலிருந்து 3 நிமிஷத்த நான் தாண்டுனதே இல்ல.

5ஆம் வகுப்பு சார்: அந்த கதை தெரியும் டீச்சர், வாத்தியார் காப்பி அடிக்க சொன்னப்போ காந்தி எழுந்து நின்னு "நான் காப்பி அடிக்க மாட்டேன்"னு சொல்லுவாரே, அதுதானே?

கதை அதேதான் சார், ஆனா எழுந்து நின்னு சொன்னதெல்லாம் பின்னாடி யாரோ சேத்தது. சத்திய சோதனைல அவரே எழுதியிருக்கார், ராஜ்கோட்ல ஹைஸ்கூல் முதல் வருஷம், ஜைல்ஸ்னு ஒரு கல்வி இன்ஸ்பெக்டர் வந்து 5 இங்கிலீஷ் வார்த்தை எழுதச் சொல்றார், அதுல ஒண்ணு கெட்டில், காந்தி அத தப்பா எழுதிட்டார். வாத்தியார் பூட்ஸ் முனையால இடிச்சு, பக்கத்துப் பையனோட சிலேட்ட பாத்து எழுதுன்னு ஜாடை காட்டுறார். காந்திக்கு அது புரியவே இல்ல! வாத்தியார் அங்க நிக்குறதே நாங்க காப்பி அடிக்காம பாத்துக்கத்தான்னு நெனச்சிருக்கார். கடைசில மத்த எல்லாரும் 5க்கு 5, அவர் ஒருத்தர்தான் தப்பு.

எனக்கு இந்த உண்மையான கதைதான் பெருசா தெரியுது, ஏன்னா வீரமா நின்னு மறுக்குறது ஆறு வயசு குழந்தைக்கு எட்டாத ஒண்ணு, ஆனா தனக்கு தெரிஞ்சத மட்டும் எழுதிட்டு உக்காந்திருக்குறது அதால முடியும். சில டெக்ல அவர் எழுதுன தப்பு ஸ்பெல்லிங்கையே போட்டிருப்பாங்க, அத நம்பாதீங்க, என்ன எழுதுனார்னு அவர் சொல்லவே இல்ல.

புதுசா சேர்ந்த டீச்சர்: அப்போ எப்படி ஆரம்பிக்கணும்னு மாதிரிக்கு கொஞ்சம் எழுதிக் குடுங்க மேம்.

நான் போன தடவ சொன்னத அப்படியே தர்றேன்:

"எல்லாரும் ஒரு கைய தூக்கி அஞ்சு விரலையும் விரிங்க. ஒரு பையன், பேரு மோகன். அவனோட ஸ்கூலுக்கு ஒரு பெரிய ஆபீசர் வந்தார். அஞ்சு வார்த்தை சொல்றேன், சிலேட்ல எழுதுங்கன்னார். முதல் வார்த்தை, சரி, ஒரு விரல மடக்குங்க. ரெண்டாவது, சரி, மடக்குங்க. மூணு. நாலு. இப்போ ஒரு விரல் நிக்குதா? அந்த வார்த்தை கெட்டில். டீ போட தண்ணி கொதிக்க வெப்போமே, அந்த பாத்திரம். மோகனுக்கு சரியா எழுத வரல. டீச்சர் பக்கத்துல வந்தார். காலால மெதுவா இடிச்சார். பக்கத்து சிலேட்ட பாத்து எழுதுன்னு அர்த்தம்."

இங்க நிறுத்திடுங்க. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. எல்லா குழந்தையும் அந்த ஒத்த விரல பாத்துட்டு நிக்கும், அந்த அமைதிக்கு அப்புறம்தான் மோகன் பாக்கலைன்னு சொல்லணும். டெக்ல சிலேட் படம் இருந்துச்சுன்னு நான் ஒருதடவ நிஜ சிலேட்ட தூக்கிக் காட்டுனேன், மூணாவது வரிசைக்குப் பின்னாடி ஒருத்தருக்கும் தெரியல. விரல்னா அவங்கவங்க கைலயே இருக்கு.

இன்னொண்ணு, "இன்ஸ்பெக்டர்"னு சொல்லிடாதீங்க. சின்னதுங்க போலீஸ்னு நெனச்சிடும், அப்புறம் கதை முழுக்க யார பிடிச்சுட்டுப் போவாங்கன்னே காத்துட்டு இருக்கும்.

ஒரு அம்மா: டீச்சர், என் பையன் 4ஆவது படிக்கிறான், அவனுக்கு பேச்சுப் போட்டி வருது, 3 நிமிஷத்துல இங்கிலீஷ்ல காந்தி பத்தி பேசணும், இத அப்படியே மனப்பாடம் பண்ண வெக்கலாமா?

இது டீச்சர் பேசறதுக்கு எழுதுனதுங்க, போட்டிக்கு சரிப்படாது. விரல மடக்கச் சொல்லி நடுவுல நிறுத்துனா, பையன் மறந்துட்டான்னு நடுவர் நெனச்சிடுவாங்க. அவன் வாயாலயே கதைய ரெண்டு தடவ வீட்ல சொல்ல வைங்க, அவனுக்கு வர்ற வார்த்தைலயே எழுதிக் குடுங்க.

ஒரு எச்எம்: வாத்தியாரே காப்பி அடிக்கத் தூண்டுனார்னு குழந்தைங்க முன்னாடி சொல்றது எனக்கு சரியாப் படல. அந்த இடத்த எடுத்துட்டா என்ன?

சார், இதுல எங்க ஸ்கூல்லயே ஒத்த கருத்து கிடையாது. எங்க சீனியர் டீச்சர் "பக்கத்துல இருந்த ஒருத்தர்"னு மாத்தித்தான் சொல்லுவாங்க, அவங்க கவலையும் எனக்குப் புரியுது, ஒண்ணாங்கிளாஸ் குழந்தைக்கு டீச்சர் சொல்றதுதான் வேதம். ஆனா அத எடுத்துட்டா கதைல ஒண்ணும் மிஞ்சாது, ஒரு பையன் ஒரு வார்த்தைய தப்பா எழுதுனான், அவ்ளோதான். நான் எடுக்காம, அந்த வாத்தியார் மேல வெச்சிருந்த மரியாதை குறையலைன்னு காந்தியே எழுதியிருக்கறத ஒரு வரில சேத்துடுறேன். போன வருஷம் ஒரு குழந்தை வந்து "அந்த சார் ஏன் மிஸ் அப்படி பண்ணாரு"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சரியா எழுதுனா ஆபீசர் ஸ்கூல பாராட்டுவார்ல, அதுக்காக இருக்கும்னு சொன்னேன். அது கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு போயிடுச்சு, நான் சொன்னது சரியான பதிலான்னு இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு.

5ஆம் வகுப்பு சார்: கடைசில "இனிமே காப்பி அடிக்க மாட்டோம்"னு எல்லாரையும் சொல்ல வெக்கலாமா? டெக்ல கடைசி ஸ்லைடு அதுதான்.

வேணாம் சார். உறுதிமொழி ஏற்கனவே ஒண்ணு சொல்லிட்டாங்க, ரெண்டாவது சொன்னா வாய் மட்டும்தான் சொல்லும். "மத்த எல்லாருக்கும் அஞ்சும் சரி, மோகனுக்கு நாலு"ன்னு சொல்லி இறங்கிடுங்க.

கேட்டாங்களா இல்லையான்னு மத்தியானம் சத்துணவு வரிசைல தெரிஞ்சுடும். ரெண்டு மூணு குழந்தைங்ககிட்ட காலைல என்ன கதைன்னு கேளுங்க. "பொய் சொல்லக் கூடாது"ன்னு பதில் வந்தா அது நீங்க சொன்னதக் கேக்கல, வழக்கமா வர்ற பதில சொல்லுது. "அந்த சார் காலால இடிச்சாரு"ன்னு தன் கால நீட்டிக் காட்டுச்சுன்னா அது முழுசா கேட்டிருக்கு.