மாத்திரைக்கு முன்னால் ஒரு வாய் காபி

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருஷமாகத் தைராய்டு, மூன்று வருஷமாகச் சர்க்கரை. முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக வறண்டு, ராத்திரி தூங்க விடாமல் அரிக்கிறது. புனலூரிலிருந்து வாங்கிவந்த காய்ச்சின எண்ணெய், விலை கூடின கிரீம், கடலை மாவு எல்லாம் ஒரு வருஷமாக விடாமல் பூசியும் குறையவில்லை. தைராய்டு மாத்திரையும் 50, 75, இப்போது 100 என்று கூடிக்கொண்டே போகிறது. காலையில் நாலரைக்கு எழுந்து மாமியார், கணவர், மகன் மூவருக்கும் காபி கொடுத்து, நானும் ஒரு வாய் குடித்துவிட்டு, தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம் எல்லாவற்றையும் மறக்காமல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். இனி என்ன பூசலாம்?
– பெயர் வேண்டாம், செங்கோட்டை

பதில்: பூசுவது இருக்கட்டும். அந்த ‘ஒரு வாய் காபி’யைப் பற்றி முதலில் பேசுவோம்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு இறங்க வேண்டிய மருந்து. காபி உள்ளே இருந்தால் குடல் அதை முழுசாக ஏற்காது. இரும்பும் கால்சியமும் இன்னும் மோசம். குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. நீங்கள் மூன்றையும் ஒரே கையில் அள்ளிப் போடுகிறீர்கள். 100 மைக்ரோகிராம் என்று சீட்டில் இருக்கிறது, ஆனால் அதில் எவ்வளவு உடம்புக்குப் போய்ச் சேர்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். எண் இறங்கவில்லையே என்று பார்க்கிறவர் அளவைக் கூட்டத்தான் செய்வார். காபி விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் 50-லேயே கேள்வி கேட்டிருப்பார்.

இதற்கும் காலில் அரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். தைராய்டு குறைந்தால் வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி இரண்டும் மந்தமாகிவிடும். தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் குறையும், மேல்தோல் சரியாக உதிராமல் தடித்துக் கிடக்கும். ஊற்றுக்கண் அடைத்த கிணற்றில் வெளியிலிருந்து குடம் குடமாக ஊற்றுகிற வேலையைத்தான் ஒரு வருஷமாகச் செய்திருக்கிறீர்கள். முடி கொட்டுவது, மலச்சிக்கல், மற்றவர்களுக்கு இல்லாத குளிர் உங்களுக்கு மட்டும் தெரிவது, புருவத்தின் வெளி ஓரம் தேய்வது, இவையும் சேர்ந்திருந்தால் தைராய்டின் மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

இனி இப்படிச் செய்யுங்கள். தைராய்டு மாத்திரையை அடுக்களையிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுப்புச் சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வையுங்கள். நாலரைக்குக் கண் விழித்ததும் அதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரை வரைக்கும் தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. இரும்புச்சத்தை மதியத்துக்கும் கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் மற்றவர்களுக்கு யார் காபி போடுவது? மகன் போடட்டும், கணவர் போடட்டும். பெரியவருக்கு நேரத்துக்குக் காபி கொடுப்பது கடமைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடமை வீட்டில் ஒருத்தி தலையில் மட்டும் இருப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் வாங்க மலையைத் தாண்டிப் புனலூர் வரை போகிற வீட்டுக்குப் பால் காய்ச்சத் தெரியாதா? பொறுத்துப்போவது பெருமை என்று நினைத்துத்தானே இத்தனை நாள் அரிப்போடு படுத்திருக்கிறீர்கள்? அதில் ஒரு பெருமையும் இல்லை அம்மா.

ஆனால் மாத்திரை நேரத்தை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இந்த 100, காபியோடும் கால்சியத்தோடும் போட்டு ஏற்றப்பட்ட அளவு. இதையே சரியான முறையில் போட்டால் உடம்பு முழுசாக ஏற்று, தேவைக்கு மேல் போய்விடக்கூடும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அதுதான் அறிகுறி. அதனால் அளவை அவர் முடிவு செய்யட்டும்; ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். தைராய்டு சரியாகும்போது சர்க்கரை மருந்தின் தேவையும் மாறலாம், அதையும் கேளுங்கள். எண் இறங்கிய மறுநாளே தோல் மாறிவிடாது, அதற்குச் சில மாதம் பிடிக்கும்.

சர்க்கரையையும் விட்டுவிட முடியாது. அது கூடுதலாக இருந்தால் சிறுநீரில் தண்ணீர் போய் உடம்பே வறளும். வருஷக்கணக்கில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கால் நரம்பு கெட்டு, பாதம் வியர்ப்பதையே நிறுத்திவிடும். முதுகும் முகமும் வியர்க்கும்போது பாதம் மட்டும் காய்ந்து வெடித்திருந்தால் டாக்டரிடம் கால் நரம்புப் பரிசோதனை கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கையும் பாருங்கள். கடைசி இரண்டு கால்விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஊறியிருந்தாலோ, செதில் ஓரத்தோடு வட்டமாகப் படை இருந்தாலோ அது பெரும்பாலும் பூஞ்சை. எண்ணெய் பூசினால் அடங்காது. மருந்துக்கடையில் “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்று கேட்டு வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அடங்குவது போலிருந்து, பூஞ்சை அதன் அடியில் பரவும்.

பூசுவதிலும் இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, சாரல் நேரத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, கிருமிநாசினி சோப்பையும் காலில் தேய்ப்பது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். காலுக்கு சோப்போ கடலை மாவோ தினமும் வேண்டாம். இரண்டாவது, காய்ந்த தோலில் எண்ணெய் தடவுவது. எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் 10 சதவீத யூரியா கிரீமோ வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுங்கள். வெடிப்பில் யூரியா எரியும். அங்கே ஜெல்லி மட்டும். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலுக்கும் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 5 கிராம் பிடிக்கும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அந்தக் கணக்கில் 30 கிராம் ட்யூப் மூன்று நாளில் தீர வேண்டும். விலை கூடின உங்கள் கிரீம் ஒரு மாதம் வந்திருந்தால், பூசியது பொட்டு வைத்த அளவுதான். விலை குறைந்த பெரிய டப்பாவே நல்லது. விரல் இடுக்கில் மட்டும் எதையும் பூசாமல் உலர வையுங்கள்.

டி.எஸ்.எச். சரியாகி, சர்க்கரையும் இறங்கி, மூன்று மாதம் கழித்தும் அரிப்பு நிற்கவில்லையா? அப்போது சிறுநீரகம், கல்லீரல், ரத்தத்தில் இரும்பின் அளவு, மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றில் எது கெட்டாலும் தோல் அரிக்கலாம். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறிந்த இடம் சிவந்து, சூடாகி, நீர் கசிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்காரர் காலில் புண் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.