உப்புப் பூத்த சட்டை: கட்டட வேலையும் கோடை வெயிலும்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கட்டட வேலை சம்பந்தப்பட்ட கேள்விகள். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் மேஸ்திரி. கேன் தண்ணீர் வாங்கி வைக்கிறேன், ஆட்களும் நன்றாகக் குடிக்கிறார்கள். ஆனாலும் மதியத்துக்கு மேல் இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது. ஏன்?

அந்த இரண்டு பேரும் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். டீயும் பன்னும் என்பார்கள். அங்கேதான் கோளாறு.

கடும் வெயிலில் கலவை சுமப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் உப்பும் போகிறது. கறுப்புச் சட்டையின் முதுகில் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுகிறதே, அது இந்த உப்புதான். காலை 8 மணியிலிருந்து மதியம் வரை 4 லிட்டர் போனால், 8 கிராமுக்கு மேல் உப்பு போய்விட்டது. தண்ணீர் மட்டும் குடித்தால் நீர் திரும்புகிறது, உப்பு திரும்புவதில்லை. இரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகிறது. தசை இழுப்பது அதனால்தான்.

நமக்கு உப்பு வருவது பெரும்பாலும் சாப்பாட்டோடு. இட்லி சாம்பாரில் 2 கிராம், மதியச் சாம்பார், ரசம், ஊறுகாயில் 4, இரவுச் சாப்பாட்டில் 3 என்று வைத்துக்கொண்டால், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பகுதி ஈடாகிவிடும். வேளை தவறுகிறவருக்குத்தான் இழுப்பு வரும். 11 மணிக்கு ஒரு சொம்பு கூழோ நீராகாரமோ மோரோ, கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொடுங்கள். தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம் போதும்.

தண்ணீர் கணக்கு: 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். எட்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 5, 6 லிட்டர், பத்துப் பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். நிறையக் குடித்த ஒருவருக்குத் தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் வந்தால் மேலும் தண்ணீர் குடிக்கக் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வரும் வரை நிழலில் படுக்க வைத்து உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள்.

கேள்வி: கடின வேலைக்கு 3500 கலோரி வேண்டும் என்கிறார்கள். கூலிக்காரன் எங்கே போவது?

ஐசிஎம்ஆர் கணக்கில் 65 கிலோ ஆணுக்கு 3470, 55 கிலோ பெண்ணுக்கு 2720. அதை வெறும் சோற்றால் நிரப்பப் பார்ப்பதுதான் நம் தவறு. வெயிலில் வயிறு முட்டச் சாப்பிட்டால் மதியம் சுமை தூக்க முடியாது, பாதியில் விட்டுவிடுவார்கள்.

இப்படிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ரேஷன் அரிசி 450 கிராம், கேழ்வரகு 100 கிராம், பருப்பு 75 கிராம், வேர்க்கடலை 75 கிராம், வெல்லம் 50 கிராம், சமையல் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, ஒரு முட்டை, பால் விட்ட டீ மூன்று. ஏறக்குறைய 3400 வந்துவிடும். இதில் கெட்டிக்காரச் சரக்கு வேர்க்கடலை. 50 கிராம் தின்றால் 200 கிராம் சோற்றுக்குச் சமம், வயிற்றை அடைக்காது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். நான்கு மணி டீயோடு வடைக்குப் பதில் வறுத்த கடலையும் வெல்லமும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேள்வி: நான் சித்தாள். சைட்டில் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வருகிறது.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா, கழிப்பறை கட்டித்தர வேண்டியவர் மேல்தான் தப்பு. ஆனால் சிறுநீரகம் அதற்காகக் காத்திருக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு டம்ளர் குடியுங்கள். சைட்டில் மொத்தமாகக் குடிக்காமல் அரை டம்ளராக அடிக்கடி குடியுங்கள். வியர்வையாகவே பெரும்பகுதி போய்விடும், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு முட்டாது. மதியம் போகும் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இருந்தால் குடித்தது போதவில்லை. கடுப்போடு காய்ச்சலோ இடுப்பு வலியோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள், அது தண்ணீரால் மட்டும் தீராது.

கேள்வி: உப்பு மாத்திரை போடலாமா? குளுக்கோஸ் பவுடர்?

மாத்திரை வேண்டாம், வயிற்றைப் புரட்டும். குளுக்கோஸ் பவுடரில் பெரும்பாலும் சர்க்கரைதான். இழுப்பு வந்தவருக்கு ஓஆர்எஸ் பொட்டலம் நல்லது.

கேள்வி: எனக்குப் பிரஷர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சென்ட்ரிங் வேலை பார்க்கிறேன்.

நான் மேலே சொன்ன கூடுதல் உப்பு உங்களுக்குப் பொருந்தாது. "வெயிலில் நாள் முழுக்க நிற்கிறேன்" என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? பலர் சொல்வதில்லை. சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை உங்கள் சீட்டில் இருந்தால், கோடையில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த முறை சீட்டோடு போய்க் கேளுங்கள்.