இரண்டு தலைப்பில் எது வென்றது?

“கடலூர் முதுநகரிலிருந்து வலைப்பூவில் மீன் சமையல் எழுதுகிறேன். ஏப்ரல் 8 முதல் ஒரு வாரம் ‘நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு’ என்று தலைப்பு வைத்தேன். அடுத்த வாரம் அதையே ‘வாடை வராத நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு’ என்று மாற்றினேன். வாரத்துக்கு 400 பேர் முகப்பில் பார்த்தார்கள். முதலில் 20 பேர், பிறகு 28 பேர் உள்ளே வந்தார்கள். இரண்டாவதையே வைத்துக்கொள்ளலாமா? இன்னும் எத்தனை நாள் பார்க்க வேண்டும்?”

இந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏப்ரல் 15 அன்று நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. பச்சை மீன் குறைந்த வாரத்தில் கருவாட்டைத் தேடி வந்தவர்கள் எந்தத் தலைப்பு இருந்தாலும் வந்திருக்கலாம். அந்த 8 பேரைக் கொண்டுவந்தது தலைப்பா, தடைக்காலமா என்று இனி பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதனால் இரண்டு தலைப்பும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வருகிறவருக்குக் காசு சுண்டிப் போட்டதுபோல் ஏதாவது ஒன்று போகட்டும். அவரே நாளைக்குத் திரும்பி வந்தால் பழைய தலைப்பையே பார்க்க வேண்டும்:

```js
let t = localStorage.getItem("t");
if (!t) {
  t = Math.random() < 0.5 ? "A" : "B";
  localStorage.setItem("t", t);
}
```

வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டு நேராகக் கட்டுரைக்கு வந்தவர்களைச் சேர்க்காதீர்கள். அவர்கள் முகப்புத் தலைப்பைப் பார்க்கவே இல்லை.

வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பேர் பார்த்திருந்தால், உள்ளே வந்தவர்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். உங்களுக்கு 48, வர்க்கமூலம் சுமார் 7, இரட்டித்தால் 14. வித்தியாசம் 14-ஐத் தாண்டியிருக்க வேண்டும், உங்களுடையது 8தான். தடைக்காலமே இல்லாவிட்டாலும் இது போதாது.

எத்தனை நாள் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 5 சதவீதம் 7 ஆவதை நம்பகமாகப் பிடிக்கத் தலைப்புக்குச் சுமார் 2,250 பேர் வேண்டும். வாரம் 400 பேர் என்றால் 12 வாரம் ஆகும். 5 சதவீதம் 10 ஆவதைப் பிடிக்கத் தலைப்புக்கு 450 பேர் போதும், அது மூன்று வாரம். ஆகவே ‘வாடை வராத’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சோதிப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ‘மீன் வராத நாளில் என்ன குழம்பு?’ என்பதுபோல் முற்றிலும் வேறான தலைப்பை எதிரே நிறுத்துங்கள்.

மூன்று வாரத்தையும் முழு வாரமாகவே ஓட்டுங்கள். ஞாயிறன்று மீன் சமைக்கத் தேடுகிறவர் வேறு, செவ்வாயன்று வருகிறவர் வேறு. நடுவில் தினமும் எண்ணிக்கையைப் பார்த்து, ஒன்று முந்திய அன்றே நிறுத்திவிடத் தோன்றும். அது மிகப் பெரிய தவறு. ஒரே தலைப்பை இரு பக்கமும் வைத்தாலும் ஏதாவது ஒருநாள் ஒன்று முந்தத்தான் செய்யும். இடையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: இரு பக்கமும் பார்த்தவர்கள் ஏறக்குறைய சமமா? 800 பேரில் 470, 330 என்று பிரிந்திருந்தால் நிரலில் கோளாறு. சரிசெய்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியில் 30, 50 என்று வந்தால் இரண்டாவதை வையுங்கள். 30, 38 என்று வந்தால் எது வென்றது என்று சொல்ல முடியாது. உங்களுக்குப் பிடித்ததை வைத்துவிட்டு அடுத்த குழம்புக்குப் போங்கள்.