தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்

அன்புள்ள ஐயா,

மேலூருக்கு அருகில் ஒரு கிராமத்தில் என் அப்பா விவசாயிகள் சங்கச் செயலாளராக இருக்கிறார். கண்மாய் மடையைச் சரிசெய்யக் கேட்டு ஆட்சியருக்கு அவர் எழுதியிருக்கும் மனுவை நான் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அது இப்படித் தொடங்குகிறது: "மேன்மைதங்கிய மதுரை மாவட்ட ஆட்சித் தலைவர் உயர்திரு ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, எங்கள் கிராம விவசாயிகள் சங்கத்தின் செயலாளராகிய அடியேன் மிகுந்த தாழ்மையுடனும் பணிவுடனும் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம் என்னவென்றால்." முடிவில், "கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்கள் ஏழை விவசாயிகளாகிய எங்கள்மேல் இரக்கம் கொண்டு, தங்கள் மேலான கவனத்தில் கொண்டு, ஆவன செய்யுமாறு பொற்பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று இருக்கிறது. சுருக்கலாம் என்றேன். "மரியாதையைச் சுருக்கச் சொல்கிறாயா?" என்று கோபித்துக்கொண்டார். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

ஒரு வாசகி

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மரியாதையைச் சுருக்க வேண்டியதில்லை. அது எந்தச் சொற்களில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். தமிழில் மரியாதை பெரும்பாலும் அடைமொழிகளில் இல்லை, விகுதியிலும் வினைமுடிவிலும் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் நான் எழுதியிருக்கும் 'அன்புடையீர்' என்பதையே பாருங்கள். கடைசியில் நிற்கும் 'ஈர்' உங்களுக்குரிய மரியாதையைத் தந்துவிடுகிறது, ஆணா பெண்ணா என்ற கேள்வியும் எழவில்லை.

அப்பாவின் தொடக்க வாக்கியத்தில் 22 சொற்கள் இருக்கின்றன, ஆனால் மடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'மேன்மைதங்கிய', 'உயர்திரு', 'ஐயா', 'அவர்கள்', 'மேலான' ஆகிய ஐந்தும் செய்வது ஒரே வேலை என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். நான் 'அவர்கள்' என்பதை வைத்துக்கொள்வேன், ஏனெனில் பதவிப் பெயருக்குப் பின்னால் அது வராவிட்டால்தான் தமிழ்க் காதுக்கு உறுத்துகிறது. "மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்" என்று எழுதினால், ஆட்சியர் ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும். 'ஐயா/அம்மா' என்று கோடு போட்டு எழுதும் சங்கடமும் நீங்கும். 'அடியேன்' என்ற சொல்லைச் சங்கத்தின் பெயரால் எழுதும் கடிதத்தில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். கேட்பது சங்கம் என்பதால் 'நாங்கள்' என்பதே அங்கே சரியான சொல்.

முடிவுப் பகுதியில் இருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது, அங்கே அலங்காரம் பொருளையே குழப்புகிறது. "ஐயா அவர்கள் தங்கள் மேலான கவனத்தில் கொண்டு" என்று எழுதும்போது, எதிரில் இருப்பவரைப் படர்க்கையில் 'ஐயா அவர்கள்' என்று சுட்டிவிட்டு, உடனே 'தங்கள்' என்று முன்னிலைக்கு மாறிவிடுகிறோம். 'தங்கள்' என்பதற்கு 'உங்கள்' என்றும் 'தம்முடைய' என்றும் இரு பொருள்கள் இருப்பதால் இந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை, ஆனால் வாக்கியம் தடுமாறுகிறது. கடிதம் முழுவதும் 'தாங்கள், தங்கள்' என்றே போகலாம், அல்லது 'நீங்கள், உங்கள்' என்றே போகலாம். இரண்டிலும் மரியாதை உண்டு, இரண்டையும் கலப்பதுதான் பிழை.

அடுத்தது 'ஆவன செய்யுமாறு'. ஆக வேண்டியவற்றைச் செய்யுங்கள் என்பது இதன் பொருள். எது ஆக வேண்டியது என்று நீங்கள் சொல்லாவிட்டால், "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு மனு முடிந்துவிடலாம், அதில் குறை சொல்லவும் உங்களுக்கு இடம் இருக்காது. இரக்கம், கருணை, பொற்பாதம் என்று வரிசையாக வந்ததில், எந்த மடை, அதில் என்ன பழுது, எப்போதைக்குள் சரியாக வேண்டும் என்ற மூன்றும் விடுபட்டுப்போனதை அப்பாவும் கவனித்திருக்க மாட்டார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவை வாங்குபவர், இன்னும் பல மனுக்களுக்கு நடுவில்தான் இதையும் பார்க்கிறார். பொருள் வரியிலும் முதல் வாக்கியத்திலும் மடை வந்துவிட்டால் மனு எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வெட்டும்போது ஓர் எல்லையும் இருக்கிறது. அலங்காரத்தை எடுக்கிறேன் என்று சிலர் "மடையைச் சரிசெய்யவும்" என்று எழுதிவிடுகிறார்கள். 'செய்யவும்' என்பது "செருப்பை வெளியே விடவும்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதும் ஏவல், கடிதத்தில் வந்தால் உத்தரவாக ஒலிக்கும். "சரிசெய்ய வேண்டும்" என்பது உரிமைக் கோரிக்கை, போராட்டத் துண்டறிக்கைக்குப் பொருந்தும். "சரிசெய்து தர வேண்டுகிறோம்" என்பதில் 'தர' என்ற துணைவினையும் 'வேண்டுகிறோம்' என்ற முடிவும் சேர்ந்து, பொற்பாதம் இல்லாமலே பணிவைத் தந்துவிடுகின்றன. அப்பாவிடம் இந்த மூன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், வேறுபாடு அவர் காதுக்கே தெரியும்.

இனி அந்த 'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்'. இது நம் பழைய மரபு என்று அப்பா நினைக்கக்கூடும், ஆனால் ஆங்கிலேயர் காலத்து அலுவலகக் கடிதங்களின் முடிவுத் தொடரை அப்படியே தமிழாக்கியதுதான் இது. அதன் தம்பி 'தங்கள் உண்மையுள்ள'. பெயரெச்சத்துக்குப் பின் பெயர் வராமல் அந்தரத்தில் நிற்கும் இந்தத் தொடரைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நம்முடைய பழைய சொல் 'இப்படிக்கு'. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் "இப்படிக்கு இவை இன்னார் எழுத்து" என்ற அமைப்பில் கையொப்பங்கள் வருகின்றன. மேலே சொன்னபடிக்கு இது என் எழுத்து என்று பொறுப்பேற்கும் சொல் அது, யாருக்கும் ஊழியன் என்று சொல்வதில்லை. மரபு வேண்டும் என்று அப்பா கேட்டால் இதைவிடப் பழையது வேறு கிடைக்காது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். மடையின் விவரங்களை உங்கள் கடிதத்தில் நீங்கள் தரவில்லை என்பதால் நானே இட்டு நிரப்பியிருக்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள்.

"பொருள்: கண்மாயின் தெற்கு மடை ஷட்டரைப் பழுதுபார்த்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிராமக் கண்மாயின் தெற்கு மடை ஷட்டர் துருப்பிடித்து, முழுவதும் மூட முடியாத நிலையில் இருக்கிறது. பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் திறக்கப்படுவதற்கு முன் அதைப் பழுதுபார்த்துத் தர வேண்டுகிறோம். பொறியாளர் பார்வையிட வரும் நாளைத் தெரிவித்தால், சங்கத்தின் சார்பில் உடன் இருந்து இடத்தைக் காட்டுகிறோம்.

நன்றி.

பணிவுடன்,
இப்படிக்கு,
(கையொப்பம்)
செயலாளர்"

'பணிவுடன்' என்பதை உங்கள் அப்பாவுக்காகவே விட்டுவைத்தேன். ஒரு கடிதத்தில் ஒரு முறை வந்தால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும், 'தாழ்மையுடனும் பணிவுடனும்' என்று இரட்டையாக வந்தால் இரண்டையும் யாரும் படிப்பதில்லை. 'நன்றி' என்பதைச் சிலர் "முன்கூட்டிய நன்றி" என்று எழுதுகிறார்கள், வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று நெருக்குவதுபோல் இருப்பதால் எனக்கு அது பிடிக்காது.

கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் அழைப்பிதழுக்கும் இந்தக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அங்கே அலங்காரமே செய்தி.

இவ்வளவுக்குப் பிறகும் மனு வெறுமையாக இருக்கிறது என்று அப்பா சொன்னால், 'அடியேன்' இருந்த இடத்தில் சங்கத்தின் பதிவு எண்ணையும், அந்த மடையில் பாயும் நிலம் எத்தனை ஏக்கர் என்பதையும் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.