பீரில் டைஅசிட்டைல் அளவிட மாதிரியைத் தயாரிப்பது

கேள்வி: ஒரே பீரை, மூடிய குப்பியில் திரவத்துக்கு மேலுள்ள காற்றை எடுத்து அளக்கும் ஹெட்ஸ்பேஸ் முறையில் வாயு குரோமட்டோகிராபியில் செலுத்தினால், வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் ஒவ்வொரு முறையும் வேறு அளவு காட்டுகிறது. மாதிரித் தயாரிப்பில் என்ன பிழை?

பெரும்பாலும் குப்பியைச் சூடாக்கும் கட்டத்தில்தான் சிக்கல் இருக்கும். நொதித்தலின்போது ஈஸ்ட் வெளியிடும் ஆல்ஃபா-அசிட்டோலாக்டேட் என்ற முன்னோடிப் பொருள், சூட்டிலும் ஆக்சிஜன் பட்டாலும் டைஅசிட்டைலாக மாறிவிடுவதால், முதிராத பீரை 60 டிகிரி செல்சியஸில் வைத்தால், பீரில் இல்லாத டைஅசிட்டைலை நீங்களே குப்பிக்குள் உருவாக்குகிறீர்கள்.

எனவே பீரைக் குளிர்ந்த நிலையிலேயே மெதுவாக ஊற்றி நுரையை அடக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் கரியமில வாயுவோடு மணப்பொருள்களும் வெளியேறும். 20 மில்லி குப்பியில் 2 கிராம் சாதாரண உப்பையும் 5 மில்லி பீரையும் இட்டு, ஒப்பிட்டு அளக்க உதவும் அகத் தரப்பொருளாக 2,3-ஹெக்ஸேன்டையோன் சிறிதளவு சேர்த்து, உடனே இறுக மூடி, 40 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பு, கரைந்த மணப்பொருளை மேலுள்ள காற்றுவெளிக்குத் தள்ளும். ஆல்கஹால் அந்தப் பங்கீட்டை மாற்றுவதால், டைஅசிட்டைல் அளவு தெரிந்த தரக் கரைசல்களை வெறும் நீரில் அல்லாமல், பீருக்கு இணையான ஆல்கஹால் கலந்த நீரில் அதே அளவு உப்புடன் தயாரிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது: ஒரே பீரை இரு குப்பிகளில் எடுத்து, ஒன்றை அரை மணியும் மற்றதை ஒன்றரை மணியும் சூடாக்குங்கள். தரப்பொருளின் பீக் மாறாமல் டைஅசிட்டைல் மட்டும் உயர்ந்தால், முன்னோடி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. 40 டிகிரியிலும் இம்மாற்றம் முழுதாக நிற்காது, வேகம்தான் குறையும். டைஅசிட்டைலும் முன்னோடியும் சேர்ந்த மொத்த அளவு தேவையெனில் மட்டும், வேண்டுமென்றே 60 டிகிரியில் ஒன்றரை மணி வைத்து முழுவதையும் மாற்றிவிட்டு அளக்கலாம்.