எடை தவறினாலும் வளைவு புள்ளிகளைத் தொடும்

கேள்வி: 300 முதல் 1500 கெல்வின் வரை 41 செபிஷேவ் புள்ளிகளில் மதிப்புகள் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். polyfit-இல் படி 40 கொடுத்தால் RankWarning வருகிறது, வளைவு என் புள்ளிகள் வழியாகவே போகவில்லை. லக்ராஞ்ச் சூத்திரம் தியரிக்கு மட்டும்தான் என்கிறார் சீனியர். வேறு வழி உண்டா?

பதில்:

உங்கள் சீனியர் சொன்ன அதே வரியை 2011-இல் என் வைவாவில் தேர்வாளர் சொன்னார். நான் மறுத்தேன், மதிப்பெண் போனது. அதனால் இதற்குப் பதில் எழுதாமல் என்னால் நகர முடியவில்லை.

முதலில் உங்கள் பிரச்சினை. புள்ளிகளைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். கோவையை x-இன் அடுக்குகளில் எழுதியதுதான் கெடுத்தது. 1500-இன் 40-ஆம் அடுக்கு 128 இலக்க எண். அத்தனை பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கடைசியில் சாதாரண அளவில் ஒரு விடை வர வேண்டும். கணினி கையில் வைத்திருப்பதோ 16 இலக்கம்தான். polyfit இதைக் கண்டுகொண்டு, நம்ப முடியாத சிறிய சிங்குலர் மதிப்புகளை வெட்டிவிடுகிறது. உங்கள் வளைவு புள்ளிகளைத் தொடாததற்குக் காரணம் அதுதான். scipy.interpolate.lagrange-உம் உள்ளே அடுக்குகளாகத்தான் விரிக்கிறது. 20 புள்ளிகளுக்கு மேல் நம்பாதே என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு லக்ராஞ்சைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அடுக்குகளாக விரிக்கவே வேண்டாம். லக்ராஞ்சின் கோவையையே பேரிசென்ட்ரிக் வடிவத்தில் எழுதினால் இப்படி வரும்:

```
p(x) = Σ w_j f_j/(x - x_j)  ÷  Σ w_j/(x - x_j)
```

w_j என்பது புள்ளிகளின் இடத்தை மட்டும் பொறுத்த எடை. மேலேயும் கீழேயும் அதே எடைகள் இருப்பதால் பொதுக் காரணி எதுவானாலும் அடிபட்டுவிடும். இது சின்ன வசதி இல்லை. 1200 கெல்வின் அகல இடைவெளியில் எடைகளை நேரடியாகப் பெருக்கிக் கணக்கிட்டால் 150 புள்ளிகளுக்கு முன்பே அவை பூஜ்யமாகச் சரிந்துவிடும். cos(jπ/n) வகைச் செபிஷேவ் புள்ளிகளுக்கு அந்தப் பெருக்கலே தேவையில்லை. 1, -1, 1, -1 என்று மாறி மாறி வரும், இரு முனைகளில் மட்டும் பாதி. 1972-இல் சால்ஸர் எழுதியது.

```python
n = 40
xs = 900 + 600*np.cos(np.pi*np.arange(n+1)/n)
w = (-1.0)**np.arange(n+1)
w[0] *= 0.5; w[-1] *= 0.5

def bary(x, fs):
    d = x - xs
    k = np.flatnonzero(d == 0)
    if k.size:
        return fs[k[0]]
    q = w/d
    return (q @ fs)/q.sum()
```

இப்போது என் கதை. எனக்கும் ஒரு வாயுக் கலவையின் வெப்ப ஏற்புத்திறன்தான், அதே 300–1500 வரம்பு, 41 ஓட்டங்கள். முதன்முதலில் எழுதியபோது முனை எடைகளைப் பாதியாக்கும் வரியை விட்டுவிட்டேன். வளைவு 41 புள்ளிகளையும் கச்சிதமாகத் தொட்டது. படம் போட்டுக் காட்டினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து, புள்ளிகளுக்கு நடுவே சரிபார்க்க ஓட்டிய ஒரே ஒரு கணக்கு ஒத்துப்போகவில்லை. நிரலின் வேறு பகுதிகளில் எல்லாம் தேடி அலைந்தேன்.

இந்தச் சூத்திரத்தில் எடைகள் பூஜ்யமாக இல்லாதவரை, எவ்வளவு தப்பாக இருந்தாலும் வளைவு புள்ளிகளைத் தொடும். x ஒரு புள்ளியை நெருங்கும்போது அந்த ஓர் உறுப்பு மேலும் கீழும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது, f_j மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் நடுவில் கிடைப்பது உங்கள் பல்லுறுப்புக்கோவை அல்ல, வேறொரு விகிதமுறு சார்பு.

கையாலேயே போட்டுப் பாருங்கள். புள்ளிகள் 1, 0, -1. சார்பு x², அதாவது மதிப்புகள் 1, 0, 1. எடைகள் ½, -1, ½. x = 0.5-இல் w/(x - x_j) மூன்றும் -1, -2, 1/3. மேலே -1 + 1/3 = -2/3. கீழே -8/3. வகுத்தால் 0.25, சரி. இப்போது முனைகளைப் பாதியாக்காமல் 1, -1, 1 என்று வையுங்கள். மூன்றும் -2, -2, 2/3. மேலே -4/3, கீழே -10/3, விடை 0.4. மூன்று புள்ளிகளிலும் துல்லியம், நடுவில் தப்பு.

ஆகவே புள்ளிகளைத் தொடுகிறதா என்பது இங்கே சோதனையே இல்லை. எல்லா மதிப்பும் 1 என்று கொடுத்துப் பார்ப்பதும் வீண், அது எந்த எடைக்கும் 1 தரும். t = (x - 900)/600 என்று வைத்து t³ கொடுங்கள், 1200 கெல்வினில் கேளுங்கள். 0.125 கடைசி இலக்கங்கள் வரை வர வேண்டும். என் தவறான எடைகளில் அது 0.02 அளவுக்குப் பிசகியது. அந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சம்.

உங்கள் ஓட்டங்களுக்கு வெப்பநிலையை முழு எண்ணாக்கிக் கொடுத்திருந்தால் xs-இல் அந்த முழு எண்களை வைத்து, எடைகளையும் அவற்றிலிருந்தே கணக்கிடுங்கள். அப்போது மேலே உள்ள தயார் எடைகள் சரிவராது.

d == 0 என்ற வரியைப் பார்த்ததும் தசம எண்களைச் சமமா என்று கேட்கலாமா என்று யாராவது வருவார்கள். இங்கே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். x புள்ளிக்கு மிக அருகில் இருந்தால் w/d பெரிதாகும், ஆனால் மேலும் கீழும் அதே பெரிய எண், அதன் பிழையும் அதே பிழை, வகுக்கும்போது போய்விடும். என் குழுவில் ஒருவர் பாதுகாப்புக்கு என்று abs(d) < 1e-3 என மாற்றினார். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வளைவு குட்டிப் படிக்கட்டாகத் தட்டையானது. சரிவை எண்ணால் கணக்கிட்ட இடத்தில் பூஜ்யம் வந்து தீர்வி நின்றுபோனது.

நியூட்டன் முறையும் நன்றாகத்தானே வரும் என்பீர்கள். புள்ளிகளை லேஜா வரிசையில் அடுக்கினால் வரும், மறுக்கவில்லை. ஆனால் மதிப்புகள் மாறும் ஒவ்வொரு முறையும் வேறுபாட்டு அட்டவணையைப் புதிதாகப் போட வேண்டும். இங்கே எடைகள் மதிப்பைப் பார்ப்பதே இல்லை.

அட்டவணை என்றதும் ஆற்றாமை வருகிறது. மூன்று செமஸ்டர் தேர்வுகளில் சம இடைவெளிப் புள்ளிகளுக்கு முன்னோக்கு வேறுபாட்டு அட்டவணை நிரப்பினோம், ஒரு கழித்தல் பிசகினால் பத்து மதிப்பெண் காலி. புள்ளிகளை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. பெரூவும் டிரெஃபெதனும் இந்த வடிவத்தை விரிவாக எழுதியது 2004. அதே ஆண்டு ஹையம் இதன் நிலைத்தன்மையை நிறுவினார். என் வைவா அதற்கு ஏழு ஆண்டு கழித்து.

ஹையம் சொன்னதில் ஒரு நிபந்தனை உண்டு: மேலே தந்த வடிவம் புள்ளிகள் நல்லவையாக இருந்தால்தான் நிலையானது. லெபேக் மாறிலி என்ற ஓர் அளவு, மதிப்புகளில் உள்ள பிழை அதிகபட்சம் எத்தனை மடங்காகும் என்று சொல்லும். உங்கள் 41 செபிஷேவ் புள்ளிகளுக்கு அது 3.4-ஐத் தாண்டாது. அதே 41-ஐச் சம இடைவெளியில் வைத்தால் நூறு கோடிக்கு மேல். அங்கே எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது, ஸ்ப்லைனுக்குப் போய்விடுங்கள்.

1500-க்கு மேலே ஒரு மதிப்பு வேண்டும் என்றால் இந்த bary-ஐ நீட்டாதீர்கள். வரம்புக்கு வெளியே கீழுள்ள கூட்டுத்தொகை அடிபட்டுச் சிறுத்து, இலக்கங்கள் வேகமாகப் போய்விடும். அந்த வெப்பநிலையையும் சேர்த்து 41 ஓட்டங்களை மறுபடி போடுங்கள்.