கூரியரில் அன்றே கொடுத்தும் 'தாமதம்' என்று காட்டுவது ஏன்?

கேள்வி: திருப்பூரிலிருந்து குழந்தைகள் உடைகளை அமேசானில் சொந்த கூரியர் மூலம் அனுப்புகிறேன். தாமத விகிதம் 5 சதவீதம், ரத்து விகிதம் 7 சதவீதம் என்று சிவப்பில் காட்டுகிறது. பார்சலை உரிய நாளிலேயே கொடுத்துவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: சொந்த கூரியரில் அனுப்பும் ஆர்டருக்கு, பார்சலைக் கொடுத்த நேரத்தை அமேசான் பார்ப்பதில்லை, நீங்கள் Confirm shipment பொத்தானை அழுத்திய நேரத்தையே பார்க்கிறது. மாலையில் பார்சலைக் கொடுத்துவிட்டு, கணக்கை மறுநாள் காலையில் திறந்து உறுதிசெய்தால் அது தாமதமே. உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும். ஆகவே ரசீது கைக்கு வந்ததும், கூரியர் அலுவலக வாசலிலேயே, டிராக்கிங் எண்ணைப் பதிந்து உறுதிசெய்துவிடுங்கள்.

தாமத விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழும், ரத்து விகிதம் 2.5 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். 30 நாளில் 60 ஆர்டர் வந்து 3 தாமதமானால் 5 சதவீதம் ஆகிவிடும். ரத்து விகிதத்துக்கோ 7 நாள் கணக்குதான்: 14 ஆர்டரில் ஒன்றை நீங்கள் ரத்து செய்தாலே 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். சிறிய கடைக்கும் பெரிய கிடங்குக்கும் ஒரே அளவுகோலை வைத்திருப்பது நியாயமே அல்ல. எத்தனை முறை எழுதினாலும் அச்சடித்த பதிலே திரும்ப வருகிறது.

ரத்துக்குப் பெரும்பாலும் இருப்புக் கணக்கே காரணம். கடையிலும் விற்கும் சரக்கு என்றால், ஒவ்வொரு அளவிலும் இரண்டு உருப்படியைக் குறைத்தே இணையத்தில் காட்டுங்கள். வேலைப்பளு கூடுதலானால், அனுப்புவதற்கான அவகாசத்தை 1 நாளிலிருந்து 2 நாளாக மாற்றுங்கள். புதிய ஆர்டர்களுக்கே அது பொருந்தும்.

வாடிக்கையாளர் தாமாகக் கேட்ட ரத்து உங்கள் கணக்கில் சேராது. ஆனால், அவர் தம் அமேசான் கணக்கில் உள்ள ரத்து வசதி வழியாகக் கேட்டிருந்தால்தான் இந்த விலக்கு. தொலைபேசியில் 'வேண்டாம்' என்று சொன்னார், நீங்களும் நம்பி ரத்து செய்தீர்கள் என்றால், பழி உங்கள் மேல்தான் விழும். "ஆர்டர் பக்கத்தில் ரத்துக் கோரிக்கை அனுப்புங்கள்" என்று பணிவாகக் கேட்டு, அது வந்த பிறகே ரத்து செய்யுங்கள். இங்கு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கணக்கைப் பச்சையாக்கித் தருகிறோம்" என்று வரும் ஏஜெண்டுகளிடம் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ ஒருபோதும் தராதீர்கள். சரக்கு உங்கள் மேசையில் இருக்கும்போதே பொய்யான டிராக்கிங் எண்ணைப் போட்டு உறுதிசெய்வதே அவர்களில் பலரின் வித்தை. தாமதம் மறையும், ஆனால் செல்லுபடியாகும் டிராக்கிங் விகிதம் 95 சதவீதத்துக்குக் கீழே சரியும், 'பொருள் வரவில்லை' என்ற புகார்களும் குவியும். கட்டணம் வாங்கியவர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

பழைய மூன்று தாமதங்களை அழிக்க வழியில்லை. அவை 30 நாள் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக விலகும். அதற்குள் புதிய தாமதமின்றி மொத்த ஆர்டர் 76 ஆனாலும் விகிதம் 4-க்குக் கீழே இறங்கிவிடும்.